ஏஐ செய்த பொருள் படத்தை விளம்பரத்தில் ஓட்டும் முன்

கேள்வி: ஒரு தயாரிப்பாளரிடம் மேசை விளக்குகளை வாங்கி இணையத்தில் விற்கிறேன். அவர்களுடைய கேட்லாக் போட்டோவை ஃப்ரீலான்ஸ் டிசைனர் ஒருவர் ஏஐ கருவியில் ஏற்றி, படிப்பறை, வரவேற்பறை என்று பல பின்னணிகளில் படங்கள் செய்து தந்தார். "ஏஐ படத்துக்கு யாருக்கும் பதிப்புரிமை கிடையாது, தைரியமாக விளம்பரம் போடுங்கள்" என்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டிசைனர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதி உங்களைக் காப்பாற்றாது. ஒரு படத்துக்குப் புதிதாகப் பதிப்புரிமை பிறக்கவில்லை என்றால், அதைப் போட்டியாளர் எடுத்துப் பயன்படுத்தும்போது உங்களால் தடுக்க முடியாமல் போகலாம், அவ்வளவுதான். அதற்குள் இருக்கும் பிறருடைய உரிமை மறைந்துவிடாது.

உங்கள் விஷயத்தில் பெரிய ஆபத்து அந்த கேட்லாக் போட்டோ. அதை எடுத்த போட்டோகிராபருக்கோ தயாரிப்பாளருக்கோ அதில் பதிப்புரிமை உண்டு. பின்னணி முழுக்க மாறினாலும், விளக்கின் வெளிச்சமும் நிழலும் கோணமும் அப்படியே இருந்தால், பழைய படத்தின் கணிசமான பகுதியை எடுத்தாண்டதாகவே வழக்கு வரலாம். பொருளை விற்கும் அனுமதியும் அதன் படத்தை மாற்றி விளம்பரத்தில் போடும் அனுமதியும் வேறு வேறு. தயாரிப்பாளரே போட்டோகிராபரிடம் கேட்லாக்குக்கு மட்டும் உரிமம் வாங்கியிருந்தால், அவர் "சரி" என்று சொல்வதும் போதாது. அதனால் தயாரிப்பாளரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: படத்தின் உரிமை அவருடையதா, மாற்றம் செய்யலாமா, கட்டண விளம்பரத்தில் எந்தெந்த நாடுகளில் எவ்வளவு காலம் ஓட்டலாம். இழுத்தடித்தால், விளக்கை நீங்களே படம் பிடித்து, அந்தப் போட்டோவை வைத்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதுதான் விரைவான வழி.

அடுத்தது கருவியின் உரிமம். படங்கள் யாருடைய கணக்கில், எந்தத் திட்டத்தில் உருவாயின என்று டிசைனரிடம் கேளுங்கள். இலவசத் திட்டத்திலோ, வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் வெளியான ஏஐ மாடலிலோ செய்திருந்தால், அதைக் கட்டண விளம்பரத்தில் போடுவது ஒப்பந்த மீறலாகலாம். காசு கட்டினாலும் எல்லை உண்டு. உதாரணமாக மிட்ஜர்னி என்ற ஏஐ படக் கருவியின் விதிகளில், ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய நிறுவனம் ப்ரோ அல்லது மெகா திட்டத்தில் இருந்தால்தான் படங்கள் அதற்குச் சொந்தம். விதிகள் அடிக்கடி மாறுவதால், படம் உருவான தேதியில் இருந்த விதிமுறைப் பக்கத்தையும் கட்டண ரசீதையும் சேமித்து வையுங்கள்.

சில கருவிகள் வழக்கு வந்தால் நாங்கள் ஈடு செய்வோம் என்கின்றன. அந்த ஷரத்தை முழுதாகப் படியுங்கள். பெரும்பாலும் அது நிறுவனங்களுக்கான திட்டத்தில் மட்டுமே இருக்கும், நீங்களே ஏற்றிய படத்தால் வரும் புகாருக்குப் பொருந்தாது. உங்களுக்கு வரக்கூடிய புகாரோ சரியாக அந்த வகைதான்.

இப்போது டிசைனர் சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன். ஏஐ கருவிக்குக் கட்டளை எழுதியதால் மட்டும் ஒருவர் படைப்பாளி ஆகிவிட மாட்டார் என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் சொன்னது. மனிதர் செய்த தேர்வு, அடுக்கிய விதம், திருத்தம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு கிடைக்கலாம் என்றும் சொன்னது. 2023இல் பெய்ஜிங் இணைய நீதிமன்றம், கட்டளைகளையும் கருவியின் அமைப்புகளையும் மாற்றி மாற்றிப் படத்தை உருவாக்கியவருக்கே பதிப்புரிமை கொடுத்தது. ஆக, விளம்பரம் எந்த நாட்டில் ஓடுகிறதோ அதைப் பொறுத்துப் பதில் மாறும். "படம் உங்களுக்கே சொந்தம்" என்று கருவியின் விதி சொன்னாலும், நிறுவனத்திடம் இல்லாத உரிமையை அதனால் உங்களுக்குக் கொடுக்க முடியாது.

இதனால் டிசைனருடன் போடும் ஒப்பந்தத்தில் "எல்லா உரிமையும் மாற்றித் தருகிறேன்" என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் பலனில்லை. மாற்றித்தர உரிமையே இல்லாமல் போகலாம். ஆகவே இதே படங்களை வேறு வாடிக்கையாளருக்குத் தரமாட்டேன், பிறர் படத்தை அனுமதியின்றி ஏற்றவில்லை, மீறினால் இழப்பீடு தருவேன் என்று தனித்தனி உறுதிமொழி வாங்குங்கள். இவை ஒப்பந்தக் கடமைகள், பதிப்புரிமை இல்லாவிட்டாலும் அவரைக் கட்டுப்படுத்தும். கூடவே கட்டளைகள், இடைநிலைப் படங்கள், லேயர்கள் பிரிந்திருக்கும் மூலக் கோப்பு எல்லாவற்றையும் கையில் வாங்கிவிடுங்கள். மனித உழைப்பு எங்கே இருக்கிறது என்று நிரூபிக்க அவைதான் சான்று.

படங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னணி அலமாரியில் வேறு பிராண்டின் லோகோ, சுவரில் பலரும் அறிந்த ஓவியம், நிஜ மனிதரை ஒத்த முகம் இருந்தால் அந்தப் படத்தை ஒதுக்குங்கள். விளக்கில் இல்லாத பொத்தானோ கூடுதல் வளைவோ முளைத்திருந்தால், அது நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகிவிடும்.

விளம்பரத் தளத்தின் விதிகளில், படத்துக்கான உரிமை தன்னிடம் இருப்பதாக உறுதி சொல்பவர் விளம்பரதாரர், அதாவது நீங்கள். புகார் வந்தால் முதலில் விளம்பரம் நிற்கும், தொடர்ந்தால் கணக்கே முடங்கலாம். தயாரிப்பாளரின் எழுத்து அனுமதி வரும்வரை, உங்கள் சொந்தப் போட்டோக்களைக் கொண்டே விளம்பரத்தைத் தொடங்குங்கள்.