குற்றச்சாட்டு வனைவதற்கு முன் வழக்கிலிருந்து விடுபட முடியுமா?

"நிலம் விற்பதாகச் சொல்லி அட்வான்ஸ் வாங்கி ஏமாற்றிய வழக்கில் என் தம்பியை இரண்டாவது எதிரியாகச் சேர்த்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டதைத் தவிர அவன் எதுவும் செய்யவில்லை. அடுத்த வாய்தாவில் சார்ஜ் ஃபிரேம் செய்வார்கள் என்கிறார் வக்கீல். அதற்கு முன்பே வெளியே வர வழி இருக்கிறதா?"

இருக்கிறது. விடுவிப்பு மனு, நீதிமன்ற வராண்டாவில் எல்லோரும் சொல்வதுபோல் டிஸ்சார்ஜ் பெட்டிஷன். கிரிமினல் பக்கம் வக்கீலாக இருப்பதால் இந்த மனுக்கள் எங்கே தேறுகின்றன, எங்கே விழுகின்றன என்று தொடர்ந்து பார்த்து வருகிறேன். இதில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் விஷயம் ஒன்றுதான். உங்கள் தம்பி நிரபராதியா என்பதை நீதிமன்றம் இந்தக் கட்டத்தில் பார்க்காது. போலீஸ் கொடுத்த காகிதங்கள் அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அவற்றில் அவர்மேல் ஒரு குற்றம் தெரிகிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

உங்கள் வழக்கின் காகிதங்களை நான் பார்க்கவில்லை. அதனால் அதைப் போன்ற ஒரு கற்பனை வழக்கை வைத்துச் சொல்கிறேன். 2025-ல் ஒருவர் தன் நிலத்தை விற்பதாக ஒப்பந்தம் எழுதி 8 லட்சம் ரூபாய் முன்பணம் வாங்குகிறார். அந்த நிலத்தை அவர் இரண்டு மாதம் முன்பே வேறொருவருக்குக் கிரயம் செய்துவிட்டது பின்னால் தெரிய வருகிறது. அவர் முதல் எதிரி, அதாவது ஏ-1. ஒப்பந்தத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட அவருடைய தம்பி ஏ-2. இருவர் மேலும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), அதாவது மோசடி, 316(2), அதாவது நம்பிக்கை மோசடி, இரண்டு பிரிவுகளிலும் போலீஸ் இறுதி அறிக்கை தாக்கல் செய்திருக்கிறது. மோசடிக்கு ஏழு ஆண்டு வரையிலும் நம்பிக்கை மோசடிக்கு ஐந்து ஆண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. மாஜிஸ்திரேட்டே விசாரிக்கக்கூடிய வழக்கு.

முதல் படி நகல்கள். எதிரி ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230-வது பிரிவு இதைச் சொல்கிறது. நகல் கிடைத்தது என்று கையெழுத்துப் போடும் முன், இறுதி அறிக்கையின் கடைசியில் இருக்கும் சாட்சிகள் பட்டியலையும் ஆவணப் பட்டியலையும் கையில் உள்ள கட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாக்குமூலத்தின் இரண்டாம் பக்கம் விடுபட்டிருந்தால், உங்களுக்கு வேண்டிய வரி அந்தப் பக்கத்திலேயே இருக்கலாம். குறை இருந்தால் அப்போதே எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது நேரம். இதே புதிய சட்டத்தின் 262-வது பிரிவு, நகல் கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எதிரி விடுவிப்பு மனு போடலாம் என்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இப்படி ஒரு கணக்கு கிடையாது. அமர்வு நீதிமன்றம் விசாரிக்கும் வழக்கானால் பிரிவு 250, அங்கே 60 நாள், மாஜிஸ்திரேட் வழக்கை அந்த நீதிமன்றத்துக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஓடும். 2024 ஜூலை 1 அன்றே நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டப்படிதான் தொடரும், அவற்றுக்குப் பிரிவு 239. எந்தச் சட்டமாக இருந்தாலும், குற்றச்சாட்டு வனைந்து முடிந்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். அதன் பிறகு வழக்கு முடிவது விடுதலையிலோ தண்டனையிலோதான். அதனால் உங்கள் வக்கீலிடம் இன்றே பேசுங்கள். மனு அடுத்த வாய்தாவில் கோப்பில் இருக்க வேண்டும்.

இனி மனுவின் உள்ளடக்கம். பெரும்பாலான மனுக்கள் தோற்பது இங்கேதான். குடும்பத்தார் வக்கீலிடம் வரும்போது ஒரு பை நிறைய ஆதாரம் கொண்டுவருவார்கள். வாட்ஸ்அப் உரையாடல், அன்று வெளியூரில் இருந்ததற்கான டிக்கெட், புகார்தாரர் மேல் உள்ள பழைய பகைக்கான காகிதம் என்று எல்லாம் இருக்கும். இந்தக் கட்டத்தில் இவை எதையும் நீதிமன்றம் பார்க்காது. எதிரி தன் பக்க ஆவணங்களைக் காட்டி விடுவிப்புக் கேட்க முடியாது என்று 2004 நவம்பரில் தேபேந்திரநாத் பாதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. புலனாய்வு அதிகாரி மறைத்துவிட்ட, சந்தேகத்துக்கே இடமில்லாத தரமுள்ள ஆவணத்தை நீதிமன்றம் வரவழைக்கலாம் என்று பின்னால் ஒரு விதிவிலக்கு வந்தது. அது மிகக் குறுகியது, அதை நம்பி மனுவை எழுத வேண்டாம். ஒரு சாட்சி சொல்வது இன்னொரு சாட்சியோடு முரண்படுகிறது என்ற வாதமும் இப்போது எடுபடாது. அது குறுக்கு விசாரணைக்கான சரக்கு.

அப்படியானால் எதை வைத்து வாதாடுவது? அரசுத் தரப்பின் காகிதத்தையே வைத்துத்தான். நம் மாதிரி வழக்கில் ஏ-2 பற்றிய வரிகளை மட்டும் தனியாக எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். புகார்தாரரின் வாக்குமூலத்தில், "ஒப்பந்தம் எழுதும்போது அவருடைய தம்பியும் கூட இருந்தார், சாட்சிக் கையெழுத்துப் போட்டார்" என்று இருக்கிறது. பணம் ஏ-1 வங்கிக் கணக்குக்குப் போயிருக்கிறது, ஏ-2 கணக்குக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. முந்தைய கிரயப் பத்திரத்தில் ஏ-2 சாட்சியாகக்கூட இல்லை, அப்படி ஒரு கிரயம் நடந்தது அவருக்குத் தெரியும் என்று எந்தச் சாட்சியும் சொல்லவில்லை. மோசடிக்கு வேண்டியது, பொய் சொல்லி நம்பவைத்துப் பணத்தைக் கொடுக்கத் தூண்டுவதும், ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருப்பதும். கூட நின்றார், கையெழுத்துப் போட்டார் என்பதில் இரண்டுமே இல்லை. இந்தக் காகிதங்களை முழுக்க நம்பினாலும் குற்றம் வரவில்லை. 262-வது பிரிவு சொல்லும் 'ஆதாரமற்ற குற்றச்சாட்டு' என்பது இதுதான். இந்த ஏ-2 விடுவிக்கப்பட வேண்டியவர்.

இப்போது அதே கட்டில் ஒரே ஒரு வாக்குமூலத்தில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். "நிலத்தில் எந்த வில்லங்கமும் இல்லை, நாங்கள் பொறுப்பு என்று தம்பிதான் உறுதி சொன்னார்." அவ்வளவுதான், நிலைமை மாறிவிடும். அந்தச் சாட்சி பொய் சொல்கிறார் என்று நமக்கு உறுதியாகத் தெரிந்திருக்கலாம். இருந்தாலும் அது உண்மையா பொய்யா என்பதைக் கூண்டில் ஏற்றிக் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும். வலுவான சந்தேகம் எழுந்தாலே குற்றச்சாட்டு வனையலாம். ஆனால் மாஜிஸ்திரேட் வெறும் தபால்காரராக இருக்கக்கூடாது, காகிதங்களைச் சலித்துப் பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1978-ல் பிரபுல்லகுமார் சாமல் வழக்கில் வந்த இந்தத் தீர்ப்பை இன்றும் எல்லா விடுவிப்பு மனுவிலும் மேற்கோள் காட்டுகிறோம். இரண்டு கருத்துக்கு இடமிருந்து, காகிதங்கள் வெறும் சந்தேகத்தை மட்டும் எழுப்பினால், வலுவான சந்தேகத்தை எழுப்பவில்லை என்றால், விடுவிக்கலாம் என்பது அதன் சாரம். உங்கள் தம்பியின் கட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்பதைத்தான் நீங்களும் வக்கீலும் முதலில் தேட வேண்டும்.

ஏ-1 விஷயம் வேறு. வில்லங்கச் சான்றும் முந்தைய கிரயப் பத்திரமும் அரசுத் தரப்பு ஆவணமாகவே இருக்கின்றன. விற்றுவிட்ட நிலத்துக்கு மறுபடி முன்பணம் வாங்கியதில் ஆரம்ப எண்ணமே தெரிகிறது. மோசடிப் பிரிவிலிருந்து அவர் இப்போது தப்ப முடியாது. ஆனாலும் அவருக்கும் ஒரு நியாயமான வாதம் உண்டு. விற்பனைக்கு வாங்கிய முன்பணம், நம்பிக்கை மோசடிக்கு வேண்டிய 'நம்பி ஒப்படைக்கப்பட்ட சொத்து' ஆகாது. ஒரே சம்பவத்தில் மோசடியும் நம்பிக்கை மோசடியும் சேர்ந்து நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் அழுத்தமாகச் சொன்னது. எனவே 316(2)-ஐ விட்டுவிட்டு 318(4)-ல் மட்டும் வனையும்படி அவர் கேட்கலாம். போலீஸ் போட்ட பிரிவெல்லாம் அப்படியே குற்றச்சாட்டில் வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மனுவின்மேல் இரு தரப்பு வாதத்தையும் கேட்டபின், விடுவிப்பதானால் மாஜிஸ்திரேட் காரணங்களை எழுதித்தான் விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் 263-வது பிரிவின்படி குற்றச்சாட்டு வனைவார். அதற்கு, குற்றச்சாட்டு பற்றிய முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாள் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. வனைந்ததைப் படித்துக் காட்டி, விளக்கி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை வேண்டுமா என்று கேட்பார்கள். அந்த நிமிடம் உங்கள் தம்பி பதற்றத்தில் தலையாட்டிவிடக் கூடாது. "குற்றம் செய்யவில்லை, விசாரணை வேண்டும்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டால் அதை வைத்தே தண்டனை கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

வனைந்த குற்றச்சாட்டின் நகலையும் உடனே வாங்கிப் படியுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், யாரை, எதைப் பற்றி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மோசடி வழக்கில் இன்னொன்றும் வேண்டும், எந்த விதத்தில் ஏமாற்றினார் என்பது. 236-வது பிரிவு தரும் உதாரணங்களில் ஒன்றே மோசடி வழக்குதான். "ஏ-1, ஏ-2 இருவரும் புகார்தாரரை மோசடி செய்தீர்கள்" என்று மொட்டையாக இருந்தால், ஏ-2 எந்த வார்த்தைக்கு, எந்தச் செயலுக்குப் பதில் சொல்வது? அதை உடனே சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்லுங்கள். தீர்ப்புக்கு முன் எப்போது வேண்டுமானாலும் குற்றச்சாட்டை மாற்ற நீதிமன்றத்துக்குப் புதிய சட்டத்தின் 239-வது பிரிவில் அதிகாரம் உண்டு. மேல்முறையீடு வரை காத்திருந்து சொன்னால், அந்தக் குறையால் எதிரி தவறாக வழிநடத்தப்பட்டு நீதி பிசகியது என்று காட்ட வேண்டிவரும். அது கடினம்.

மனு தள்ளுபடியானால் 90 நாளுக்குள் சீராய்வு மனு போடலாம், அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ. ஒன்றில் போட்டுத் தோற்றபின் அதே ஆள் மற்றதில் மறுபடி சீராய்வு போட முடியாது, எனவே எங்கே போடுவது என்று யோசித்து முடிவெடுங்கள். சீராய்வு நிலுவையில் இருப்பதாலேயே கீழே விசாரணை நிற்காது, தனியாகத் தடை உத்தரவு வாங்க வேண்டும். அதுவரை வாய்தா தவறாமல் ஆஜராக வேண்டும், இல்லையென்றால் பிடியாணை வரும்.

மனு தேறினால், உங்கள் தம்பி கையில் இருப்பது விடுவிப்பு, விடுதலை கிடையாது. அந்த உத்தரவை எதிர்த்து அரசுத் தரப்போ புகார்தாரரோ சீராய்வுக்குப் போகலாம். ஏ-1 மேல் நடக்கும் விசாரணையில் உங்கள் தம்பிக்கு எதிராகப் புதிய சாட்சியம் வந்தால், அதற்கென உள்ள நடைமுறைப்படி அவரை மறுபடியும் எதிரியாக அழைக்கவும் முடியும். அதனால் விடுவிப்பு உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள், ஏ-1 வழக்கில் சாட்சிகள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் வக்கீல் மூலம் தொடர்ந்து கவனித்து வாருங்கள்.