மோட்டார் ஷாஃப்டில் புல்லியின் இழுப்பு: கேள்வி பதில்

கேள்வி (தீவன அரவை ஆலை நடத்துபவர்): 7.5 எச்.பி., 1440 ஆர்.பி.எம். மோட்டார். இடம் போதாமல் இரண்டு புல்லிகளையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்கினேன். மோட்டாரில் 150 மி.மீ. இருந்த இடத்தில் இப்போது 100 மி.மீ. வேகமும் லோடும் மாறவில்லை. நாளுக்கு 20 மணி நேர ஓட்டத்தில், நான்கே மாதத்தில் புல்லிப் பக்க பேரிங் போய்விட்டது. சிறிய புல்லிக்குச் சுமை குறையத்தானே வேண்டும்?

பதில்: புல்லியின் எடை குறைந்தது, பெல்ட்டின் இழுப்புதான் கூடிவிட்டது. 5.5 கிலோவாட்டை 9550-ஆல் பெருக்கி 1440-ஆல் வகுத்தால் முறுக்குவிசை 36.5 நியூட்டன் மீட்டர். அதைப் புல்லியின் ஆரத்தால் வகுத்தால், முன்பு 487 நியூட்டனாக இருந்தது இப்போது 730 ஆகிறது. இதுவும் முழு இழுப்பு அன்று. இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. தளர்ந்த பக்கமும் ஷாஃப்டை அதே திசையில்தான் இழுக்கிறது என்பதால், வி-பெல்ட்டுக்குச் சிலர் 1.5-ஆலும் சிலர் 2.5-ஆலும் பெருக்கச் சொல்கிறார்கள். உங்கள் கேட்டலாக் ஒன்றைச் சொன்னால் அதையே எடுங்கள். நான் 2 என்று வைத்துக்கொண்டால் 1460 நியூட்டன் வருகிறது.

அவரே மீண்டும்: என் கேட்டலாக்கில் 20,000 மணி நேர ஆயுளுக்கு அனுமதிக்கும் இழுப்பு, ஷாஃப்டின் விட்டம் படியாக மாறும் தோளில் 1900, நுனியில் 1500 நியூட்டன் என்று போட்டிருக்கிறது. ஷாஃப்ட் நீளம் 80, புல்லி அகலம் 65. புல்லியின் உட்பக்க விளிம்பு தோளிலிருந்து 35 மி.மீ. தள்ளி நிற்கிறது. அப்படியானால் நான் எல்லைக்குள்தானே இருக்கிறேன்?

பதில்: காகிதத்தில் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். இழுப்பு புல்லி அகலத்தின் நடுவில் விழுவதாகக் கொள்ள வேண்டும்; அது தோளிலிருந்து 67.5 மி.மீ. தொலைவு. தோளுக்கும் நுனிக்கும் இடையே விகிதப்படி குறைத்தால், அங்கே அனுமதி ஏறத்தாழ 1560 நியூட்டன். ஆனால் பந்து பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் போகும். சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். உங்களுடையது 2400 மணி நேரத்தில் போயிருக்கிறது, அதாவது 20,000-இல் எட்டில் ஒரு பங்கு. ஒரே ஒரு பேரிங்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும், ஷாஃப்டில் 3000 நியூட்டனுக்குக் குறையாமல் இழுப்பு இருந்திருக்கலாம் என்றே சந்தேகிக்கிறேன். சிறிய புல்லியில் பெல்ட் வழுக்கியிருக்கும், ஃபிட்டர் இறுக்கிக்கொண்டே போயிருப்பார்.

பெல்ட்டின் நடுவில் ஸ்பிரிங் தராசைக் கோத்து, இரு புல்லிகளுக்கும் இடையிலான நீளத்தில் மீட்டருக்கு 16 மி.மீ. வீதம் அமுங்கும்வரை இழுங்கள். அரை மீட்டர் என்றால் 8 மி.மீ. தராசு காட்டும் விசையைப் பெல்ட் நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பழைய பேரிங்கையும் வெட்டிப் பாருங்கள்: வெளி வளையத்தின் பெல்ட் பக்கத்தில் மட்டும் உலோகம் செதிலாகப் பெயர்ந்திருந்தால் என் சந்தேகம் வலுக்கும். புல்லியைத் தோள்வரை தள்ளினால் அனுமதி ஏறத்தாழ 1740-க்கு ஏறும். இருந்தாலும் பழைய 150-க்குத் திரும்புவதே மேல்.

கேள்வி (கன்வேயர் பராமரிப்பவர்): செயினில் முன் இறுக்கம் கிடையாது. ஆகவே ஸ்பிராக்கெட்டுக்கு இந்தக் கணக்கு வேண்டாம் அல்லவா?

பதில்: பாதி சரி. தளர்ந்த பக்கம் இழுக்காது என்பதால் பெல்ட்டுக்கான பெருக்கெண் தேவையில்லை. ஆனால் செயின் பெரும்பாலும் கியர் மோட்டாரின் மெதுவான ஷாஃப்டில்தான் உட்காருகிறது, ஆபத்தும் அங்கேதான். 1.5 கிலோவாட்டை 30 ஆர்.பி.எம்.-இல் தந்தால் முறுக்குவிசை 477 நியூட்டன் மீட்டர். 25.4 மி.மீ. பிட்ச், 17 பல் ஸ்பிராக்கெட்டின் விட்டம் 138 மி.மீ.தான், இழுப்பு 6900 நியூட்டனைத் தொடுகிறது. இருபதுக்குக் குறைந்த பற்களுக்கு 1.25-ஆல் பெருக்கச் சொல்லும் கியர் பாக்ஸ் கேட்டலாக்குகள் உண்டு. அப்போது 8600-ஐத் தாண்டும். கணக்கிடாமல் சிறிய ஸ்பிராக்கெட்டைப் போடாதீர்கள்.

கேள்வி (பம்பு ஆபரேட்டர்): என் பம்பு மோட்டாரோடு கப்ளிங்கில் நேராக இணைந்தது. எனக்கும் பேரிங் போகிறது. என்ன விட்டம் வைக்கலாம்?

பதில்: உங்களுக்குப் புல்லியே இல்லையே. முதலில் கப்ளிங்கின் நேர்க்கோட்டை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். இந்தப் பக்கவாட்டு இழுப்புக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி (மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்): பந்து பேரிங்குக்குப் பதில் அதே அளவு ரோலர் பேரிங் போட்டால் பிரச்சினை தீருமே?

பதில்: பேரிங் தாங்கும், ஷாஃப்டின் வலிமை கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் முன்னும் பின்னும் வளைவதால், தோளின் மூலையில் தொடங்கும் விரிசல் மெல்ல உள்ளே நகரும். முறிந்த முகத்தில் கடற்கரை மணல் வரிகளைப் போன்ற கோடுகள் தெரியும். ரோலர் பேரிங்கோடு எவ்வளவு இழுப்பு கூடும் என்று மோட்டார் நிறுவனமே தனி அட்டவணை தந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். அந்த மோட்டாரைப் பிறகு கப்ளிங்கில் போட்டால், போதிய இழுப்பு இல்லாமல் ரோலர்கள் உருளாமல் சறுக்கித் தேயும்.