சீன வாக்கியத்தில் காலமும் எண்ணிக்கையும் எங்கே ஒளிந்திருக்கின்றன?

கேள்வி: சீன மொழியில் வினைச்சொல் காலம் காட்டாது, பெயர்ச்சொல் ஒருமை பன்மை காட்டாது என்கிறார்களே. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது இதையெல்லாம் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

பத்தி முழுவதையும் படித்து முடிக்காமல் முதல் வரியை எழுத மாட்டேன். ஒரு நினைவுக் குறிப்பில் வந்த சில வரிகளைச் சொல்லுக்குச் சொல் தருகிறேன். வினைகளை வேர்ச்சொல்லாகவே விட்டிருக்கிறேன், சீனத்தில் அப்படித்தான் நிற்கும்.

"போன குளிர்காலம் நான் ஹார்பினில் இரு. தினமும் காலை ஆற்றங்கரைக்குப் போ. பனிக்கட்டி மேல் முதியவர் மீன் பிடி. ஒருநாள் ஒரு குழந்தை ஓடி வந்து குளிரவில்லையா என்று கேள். அவர் 'மேய்' பதில் சொல். வாளியில் மீன் இரு."

"போன குளிர்காலம்" என்று ஒருமுறை சொன்னதும் மற்ற வரிகளும் அந்தக் காலத்துக்குள் வந்துவிடுகின்றன. சீனத்தில் அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்திலோ ஒவ்வொரு வினையிலும் இறந்தகாலம் வேண்டும். அதிலும் "தினமும்" என்பது வழக்கம், அதற்கு "வுட் கோ" பொருந்தும். "ஒருநாள்" என்பதிலிருந்து தனி நிகழ்ச்சி, அங்கே சாதாரண இறந்தகாலம். மறுப்புச் சொல்லும் கைகொடுக்கும்: "மேய்" என்றால் அது நடக்கவில்லை, அதாவது அவர் பதில் சொல்லவில்லை. "பு" என்றிருந்தால் வழக்கமாகச் செய்வதில்லை, அல்லது செய்ய மனமில்லை.

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது "ல" என்ற துணைச்சொல்லில். அதைப் பார்த்ததும் இறந்தகாலம் என்று எழுதிவிடுகிறார்கள். வினையை அடுத்து வரும் "ல" செயல் முடிந்ததைக் காட்டுகிறது, எப்போது முடிந்தது என்பதை அல்ல. "மிங்தியென் ஷியா ல க ஜியோவ் ட்ஸோவ்" என்றால் நாளை வகுப்பு முடிந்ததும் கிளம்புவது. அங்கே "ல" இருந்தும் பேச்சு எதிர்காலம்தான்.

எண்ணிக்கை நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. "நாலு மாடு வாங்கினேன்" என்று நாமும் ஒருமையில் சொல்கிறோம். மேலே உள்ள பத்தியில் "முதியவர்" ஒருவரா, பலரா? உறைந்த ஆற்றில் பலர் உட்கார்ந்து மீன் பிடிக்கும் காட்சிதான் என் மனதில் வந்தது, முதல் வரைவில் பன்மையாகவே எழுதினேன். இரண்டு வரி தள்ளி "அவர்" என்ற ஒருமைச் சொல் வந்தபோதுதான் ஒரே ஆள் என்று புரிந்தது. திரும்பிப் போய்த் திருத்தினேன். பன்மை காட்டும் "மென்" என்ற ஒட்டு உண்டு, ஆனால் அது இல்லாததை வைத்து ஒருமை என்று முடிவு செய்யக் கூடாது. வினைக்கு முன்னால் "எல்லாம்" என்ற பொருளில் "தோவ்" வந்தால், பெரும்பாலும் அதற்கு முன் சொன்னது பன்மை.

சரி, துப்பே கிடைக்காவிட்டால்? வாளியில் எத்தனை மீன் என்று அந்தப் பத்தி எங்கேயும் சொல்லவில்லை. நல்லவேளை, ஆங்கிலத்தில் "ஃபிஷ்" ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றே. "தேர் வாஸ்", "தேர் வேர்" என்று தொடங்கினால்தான் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அதனால் வாளியை எழுவாயாக்கி "த பக்கெட் ஹெல்டு ஃபிஷ்" என்று எழுதினேன்.