வேதியியல் சாரிடம் பரிந்துரை கேட்கும் கடிதம்

தம்பி,

சாருக்குக் கொடுக்க நீ எழுதி வைத்திருக்கும் கடிதத்தைப் படித்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஆனால் நடுவில் இருப்பது ஒரே ஒரு வரிதான்: இங்கிலாந்தில் எம்.எஸ்சி. வேதியியலுக்கு விண்ணப்பிக்கிறேன், நல்ல பரிந்துரைக் கடிதம் தந்து உதவுங்கள். மூன்று நாள் காய்ச்சலுக்கு விடுப்பு கேட்பதுபோல இருக்கிறது.

உன்மேல் தப்பில்லை. நம் பக்கத்தில் கலைக் கல்லூரியோ இன்ஜினீயரிங்கோ, சேர்க்கை மதிப்பெண்ணிலும் கவுன்சிலிங்கிலும் முடிந்துவிடுகிறது. ஆசிரியர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் பரிந்துரை என்றதும் டி.சி.யோடு வரும் நன்னடத்தைச் சான்றிதழ்தான் எல்லார் மனதிலும் வருகிறது. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு சார் எழுதினால் அதுதான் வரும்: 'இம்மாணவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறேன்.' அங்கே இருப்பவர் இதைப் படித்துவிட்டு, இந்த ஆசிரியருக்குப் பையனைச் சரியாகத் தெரியாதுபோல என்று நினைத்துக்கொள்வார்.

மதிப்பெண் பட்டியல் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். அதில் இல்லாததைத்தான் ஆசிரியரிடம் கேட்கிறார்கள். எத்தனை வருடமாகத் தெரியும், எந்தப் பாடம் எடுத்தீர்கள், ஆய்வகத்தில் எப்படி, தானாக யோசிக்கிறானா. சில படிவங்களில் வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் இருக்கிறானா என்றுகூடக் கேட்பார்கள். வருடத்துக்கு ஐம்பது பேரைப் பார்க்கும் சாருக்கு இதெல்லாம் நினைவில் இருக்காது. நினைவுபடுத்துவதுதான் உன் கடிதத்தின் வேலை.

போன வாரம் கும்பகோணத்தில் பார்த்தபோது உன் புராஜெக்ட் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னாயே, வேதாரண்யம் பக்கம் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை அளந்தது. முதல் நாள் ஒரே மாதிரிக்கு மூன்று தடவை டைட்ரேஷன் செய்தாய், மூன்றும் மூன்று விதமாக வந்தன. 14.2, 16.8, 15.5 மி.லி. சிவப்பு நீலமாக மாறும் இடம் பளிச்சென்று தெரியாமல் ஊதாவிலேயே இழுத்துக்கொண்டு போனது. கூட இருந்தவன் சராசரி போட்டு எழுதிவிடலாம் என்றான். நீ எழுதவில்லை. பஃபர் பாட்டில் மூடி சரியாக மூடாமல் இருந்ததைப் பார்த்து, அமோனியா ஆவியாகி பி.எச். 10-க்குக் கீழே இறங்கியிருக்குமோ என்று சந்தேகப்பட்டு, சாரிடம் கேட்டுப் புதிதாகத் தயாரித்தாய். அடுத்த மூன்று அளவும் 17.1, 17.0, 17.1.

நீ சும்மா கதையாகச் சொன்னாய். பரிந்துரையில் இருக்க வேண்டியதே இதுதான். அளவு ஒத்துவராதபோது சராசரிக்குள் மறைக்காமல் காரணத்தைத் தேடிப்போன மாணவன் என்று, கண்ணால் பார்த்த ஆசிரியர் எழுதினால் அதற்கு ஒரு எடை உண்டு. நீயே உன்னைப் பற்றி அப்படி எழுதிக்கொண்டால் அந்த எடை வராது.

அதனால்தான் துறைத்தலைவரிடம் கேட்கலாமா என்று நீ கேட்டதற்கு, வேண்டாம் என்கிறேன். அவர் உனக்கு ஒரு பருவம் ஒரு தாள் எடுத்தவர். ஆய்வகத்தில் உன் பக்கத்தில் நின்றவர் கௌரவ விரிவுரையாளர் சார். பதவி சின்னது என்று தயங்காதே. இரண்டாவது பரிந்துரை கேட்டால் துறைத்தலைவரிடம் போ. படிவத்தில் சாரின் பதவியை உள்ளபடியே போடு, 'பேராசிரியர்' என்று உயர்த்தாதே.

சரி, கடிதத்தை இப்படி மாற்றிப் பார்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். இங்கிலாந்தில் பகுப்பாய்வு வேதியியல் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். இரண்டாம் ஆண்டு ஆய்வகமும் மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டும் தங்களிடம்தான் செய்தேன். என் ஆய்வக வேலையை நேரில் பார்த்தவர் தாங்கள் என்பதால் தங்களிடம் பரிந்துரை கேட்கிறேன். புராஜெக்ட்டில் 12 போர்வெல்களின் தண்ணீரை ஈ.டி.டி.ஏ. முறையில் அளந்தோம். முதல் நாள் அளவுகள் ஒத்துவராமல் பஃபரைப் புதிதாகத் தயாரித்தது தங்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டாம் பருவத்தில் இயற்பிய வேதியியலில் எனக்கு மதிப்பெண் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன். பரிந்துரையை அனுப்புவதற்கான ஒரு இணைப்பு தங்கள் மின்னஞ்சலுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். கடைசித் தேதியை இணைப்புத் தாளில் குறித்திருக்கிறேன். தங்களுக்கு நேரமோ வசதியோ இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள் ஐயா, வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடாதே. மனமில்லாமல் 'சரி' என்பவர் எழுதும் நான்கு வரியைவிட, முதலிலேயே 'முடியாதுப்பா' என்பது உனக்கு நல்லது. மதிப்பெண் குறைந்ததை ஏன் சொல்ல வேண்டும் என்று உன் அப்பா கேட்பார். பட்டியலில் அது எப்படியும் தெரியும். சாருக்குத் தெரிந்திருந்தால், ஆய்வகத்தில் நீ எப்படி என்று எழுதி அதை ஈடுகட்ட அவருக்கு வழி இருக்கும்.

இணைப்புத் தாள் ஒரே பக்கம் போதும்: படிப்பின் பெயர், பல்கலைக்கழகம், கடைசித் தேதி, சாரிடம் படித்த தாள்களும் மதிப்பெண்ணும், புராஜெக்ட் பற்றி ஐந்தாறு வரி. மதிப்பெண் பட்டியல் நகலையும் அதோடு சேர்த்துக் கொடுத்துவிடு.

இப்போது சங்கடமான விஷயம். சார் பெரும்பாலும், "நீயே எழுதிக்கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார். வேலைப்பளு, ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம், இரண்டும் இருக்கும். எழுதிக் கொடுக்காதே. உன் சுய விளக்கக் கட்டுரையும் இரண்டு பரிந்துரைகளும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குப் புரிந்துவிடும். சந்தேகம் வந்தால் விண்ணப்பமே போய்விடக்கூடும். "குறிப்பெல்லாம் தாளில் இருக்கிறது ஐயா, தாங்கள் சொல்வதுதான் செல்லும் என்கிறார்கள். எளிய ஆங்கிலத்தில் பத்து வரி போதும்" என்று சொல். பஃபர் கதையைப் பிழையான ஆங்கிலத்தில் சொன்னாலும் எடுபடும்.

அப்புறம், மின்னஞ்சல். பல பல்கலைக்கழகங்கள் கல்லூரிப் பெயரில் உள்ள முகவரியிலிருந்து வரும் பரிந்துரையைத்தான் ஏற்கின்றன. ஜிமெயில் என்றால் கேள்வி கேட்பார்கள், சில இடங்களில் ஏற்கவே மாட்டார்கள். உன் சாரிடம் ஜிமெயில்தான் இருக்கும். அதனால் விண்ணப்பத்தில் அவர் முகவரியைப் போடுவதற்கு முன்பே சேர்க்கைப் பிரிவுக்கு எழுதிக் கேள்: கல்லூரி லெட்டர்ஹெட்டில் கையெழுத்து, முத்திரை, தேதியோடு ஸ்கேன் செய்து அனுப்பினால் ஏற்பீர்களா, அல்லது முதல்வர் அலுவலக மின்னஞ்சலிலிருந்து வர வேண்டுமா? பதிலைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள். முத்திரைக்கு அலுவலகத்தில் இரண்டு நாள் அலைய வேண்டியிருக்கலாம்.

கடைசித் தேதிக்கு நான்கு வாரம் முன்னால் கேள். பருவத் தேர்வு, பிராக்டிக்கல் நடக்கும் வாரங்களையும் பொங்கல் விடுமுறையையும் தவிர்த்து எண்ணு. நீ படிவத்தில் முகவரியைப் பதிந்த பிறகுதான் பல இடங்களில் சாருக்கு இணைப்பு போகும், அது ஸ்பாமில் விழுவதும் சகஜம். போன வருடம் என்னிடம் வந்த ஒரு பெண்ணின் இணைப்பு அங்கேயே பதினெட்டு நாள் கிடந்தது. சார் இன்னும் எழுதவில்லை என்று அவள் வருத்தப்பட்டாள், பெண் இன்னும் அனுப்பவில்லை என்று சார் நினைத்திருந்தார். பதிந்த அன்றே சாரிடம் போய், ஐயா ஸ்பாமிலும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வா.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. ஆய்வகம் முடிந்து சார் பியூரெட்டுகளைக் கழுவி வைக்கச் சொல்லும் நேரத்தில் கையில் கொடு. அந்த இடத்தில் வைத்துக் கேட்டால் அவருக்கே பஃபர் பாட்டில் நினைவுக்கு வரும்.