ஸ்லாக்கில் திருத்திய பதில்: பழைய வரி யாருக்குத் தெரியும்?

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஃபார்வர்டிங் ஆபீசில் வேலை செய்கிறேன். ஸ்லாக் த்ரெட்டில் ஒரு ரேட்டை 1,450 ரிங்கிட் என்று போட்டுவிட்டு, எட்டு நிமிஷத்தில் 1,540 என்று திருத்தினேன். பழைய எண்ணை அட்மின் பார்ப்பாரா?

பதில்: ஸ்லாக் திரையில் பார்க்க வழியில்லை. அட்மினுக்கும் உங்களைப் போலவே "(edited)" என்ற சொல்தான் தெரியும்; அதைத் தட்டினாலும் பழைய வாசகம் வராது. டேட்டாவை எக்ஸ்போர்ட் செய்தால் மட்டும் நிலைமை மாறலாம். அதுவும் ஒரே ஒரு செட்டிங்கைப் பொறுத்தது: திருத்தங்களையும் அழித்தவற்றையும் பதிவாக வைத்துக்கொள்ளும்படி கம்பெனி முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால், பொதுச் சேனலின் அன்றைய கோப்பில் உங்கள் பதில் இப்படித்தான் இருக்கும்:

```
"ts": "1741227120.000200",
"thread_ts": "1741226400.000100",
"text": "RM 1,540",
"edited": {"user": "U02AB3CD4",
           "ts": "1741227600.000000"}
```

இந்த நீள எண்கள் விநாடிக் கணக்கு. `thread_ts` என்பது த்ரெட்டைத் தொடங்கிய செய்தியின் நேரம். `edited` நேரத்தில் உங்கள் `ts`-ஐக் கழித்தால் 480 விநாடி, அதாவது எட்டு நிமிஷம். யார் திருத்தினார், எப்போது என்பது இருக்கிறது, 1,450 இல்லை. பதிவு வைத்திருந்தால் பழைய வாசகமும் அதே எக்ஸ்போர்ட்டில் வரும்.

உங்கள் ஆபீஸ் எந்த வகை என்று தெரிய, பிரவுசரில் `my.slack.com/account/workspace-settings` போய் "Retention & Exports" பகுதியைப் படியுங்கள். சாதாரண ஊழியரும் பார்க்கலாம். வேலைக்குச் சேரும் நாளில் பத்துப் பாரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், இந்தப் பக்கத்தை மட்டும் ஒருவரும் காட்டுவதில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அட்மினைவிட நோட்டிஃபிகேஷனைப் பற்றித்தான். த்ரெட்டைத் தொடங்கியவர், அதில் முன்பே பதில் போட்டவர், நீங்கள் @ போட்டு அழைத்தவர் ஆகியோரின் போனில் முதல் வாசகம் அப்போதே ஒளிர்ந்திருக்கலாம். திருத்தினால் ஸ்லாக் மறுபடி அறிவிக்காது, ஆகவே 1,540 யாருக்கும் மணியடித்துச் சொல்லப்படவில்லை. மின்னஞ்சலாகப் போயிருந்தால் இன்னும் மோசம்: அனுப்பிய மெயிலை ஸ்லாக் திரும்பப் போய் மாற்றாது, இன்பாக்ஸில் பழைய ரேட் அப்படியே கிடக்கும். அதனால் விலை, எடை, கண்டெய்னர் எண் போன்றவற்றை ஓசையில்லாமல் திருத்தாதீர்கள். அதே த்ரெட்டில் "1,450 தவறு, 1,540 சரி" என்று புதிதாக ஒரு பதில் போடுங்கள்.

"எடிட் பண்ணினது, அழிச்சது எல்லாத்தையும் எடுத்துத் தரேன்" என்று முதலாளியிடம் காசு கேட்கும் ஐ.டி. காண்ட்ராக்டர்கள் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள், பினாங்கிலும் இருக்கிறார்கள். பதிவு வைக்காத காலத்துத் திருத்தம் எக்ஸ்போர்ட்டில் கிடையாது. இன்று செட்டிங்கை மாற்றினாலும் நேற்றையது வராது. வேலையை ஆரம்பிக்க அட்மின் பாஸ்வேர்டைக் கேட்பார்கள். கொடுத்தால் கம்பெனியின் மொத்த ஸ்லாக்கும் அந்த ஆளின் கையில்.