திங்கட்கிழமை அறிக்கைக்கு முன்: நம் சேனலின் எண்களை எப்படி வாசிப்பது?

“அக்கா, நீங்கள் வெள்ளிக்கிழமையோடு போகிறீர்கள். அடுத்த வாரத்திலிருந்து சேனல் அறிக்கையை நான்தான் எழுத வேண்டும். யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்தால் ஐம்பது எண்கள் நிற்கின்றன. எதைப் பார்ப்பது, எதை நம்பக் கூடாது?”

முதலில் கிளிக் விகிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதாவது வீடியோவின் முகப்புப் படம் நூறு முறை காட்டப்பட்டால் எத்தனை முறை தொடப்படுகிறது என்பது. முதலாளி கேட்கும் முதல் கேள்வி அதுதான், அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவதும் அதுதான்.

நம் வற்றல்குழம்பு வீடியோவை எடுத்துக்கொள். வெளியான முதல் 24 மணி நேரத்தில் அதன் முகப்புப் படம் 20,000 முறை காட்டப்பட்டது. கிளிக் விகிதம் 8 சதவீதம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது காட்டப்பட்டது 4,00,000 முறை, விகிதம் 4 சதவீதம். “பாதியாக விழுந்துவிட்டது, படத்தை மாற்றுங்கள்” என்று மாடியிலிருந்து போன் வந்தது. கணக்குப் போட்டுப் பார்: முதல் நாள் 1,600 கிளிக், வாரக் கடைசியில் 16,000. வீடியோ பத்து மடங்கு வளர்ந்திருக்கிறது. முதல் நாள் படத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நம்மை ஏற்கெனவே அறிந்தவர்கள். பிறகு யூடியூப் அதை நம்மைக் கேள்விப்பட்டிராதவர்களின் முகப்புப் பக்கத்திலும் வைத்தது. அவர்கள் குறைவாகத்தான் தொடுவார்கள்.

இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. விகிதத்தை மொத்தமாகப் பார்க்காமல், பார்வையாளர்கள் எந்த வழியில் வந்தார்கள் என்று பிரித்துப் பார். அந்த வீடியோவுக்குத் தேடல் வழியாகக் காட்டப்பட்ட 40,000 முறைக்கு விகிதம் 9 சதவீதம், முகப்புப் பக்கத்தில் 3,60,000 முறைக்கு 3.4 சதவீதம். தேடி வந்தவர்கள் வாரம் முழுக்க அதே விகிதத்தில்தான் தொட்டிருக்கிறார்கள், படத்தில் குறை ஒன்றும் இல்லை. முகப்புப் பக்கக் கூட்டம் பெருத்ததால் சராசரி இறங்கியது, அவ்வளவுதான். தேடலிலும் சேர்ந்து விழுந்திருந்தால் நானே படத்தை மாற்றியிருப்பேன்.

இந்த விகிதத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. முகப்புப் படம் பாதிக்கு மேல் திரையில் தெரிந்து, ஒரு நொடியாவது நின்றால்தான் ‘காட்டப்பட்டது’ என்று கணக்கில் ஏறும். வாட்ஸாப்பில் பகிரப்பட்ட இணைப்பு, வேறு தளத்தில் ஒட்டிய வீடியோ, நம் வீடியோ முடியும்போது வரும் இறுதித் திரை ஆகியவை அதில் சேராது. ஆகவே கிளிக்கையும் மொத்தப் பார்வையையும் பொருத்திப் பார்த்து ‘எண்கள் இடிக்கின்றன’ என்று பயப்படாதே. அவை பொருந்த வேண்டியதே இல்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் ஒரே ஓர் எண்ணைத்தான் வாரம் தவறாமல் எழுதினேன். ஒரு முறை படம் காட்டப்பட்டால் நமக்கு எத்தனை நொடி பார்வை நேரம் கிடைக்கிறது என்பது. மேம்பட்ட அட்டவணையில் `Watch time from impressions` என்ற நெடுவரிசை இருக்கும். அது மணி நேரத்தில் வரும். படம் காட்டப்பட்ட எண்ணிக்கைதான் `Impressions`.

```
நொடிகள் = Watch time from impressions × 3600 ÷ Impressions
```

வற்றல்குழம்புக்கு 1,300 மணி நேரம். 4,00,000 ஆல் வகுத்தால் 11.7 நொடி. ‘ஐந்தே நிமிடத்தில் பரோட்டா’ என்று கவர்ச்சியாகத் தலைப்பு வைத்தோமே, அது 1,50,000 முறை காட்டப்பட்டு, கிளிக் விகிதம் 7 சதவீதத்தில் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். பார்வை நேரம் 280 மணி, அதாவது 6.7 நொடி. வந்தவர்கள் சராசரியாக ஒன்றரை நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள், ஐந்து நிமிடத்தில் பரோட்டா வராது என்பது அதற்குள் புரிந்திருக்கும். முகப்புப் படங்களை ஒப்பிட யூடியூப் தரும் சோதனை வசதியும் பார்வை நேரத்தின் பங்கை வைத்துத்தான் வெற்றியைத் தீர்மானிக்கிறது, கிளிக்கை வைத்து அல்ல. ஒரு எச்சரிக்கை: ஏறத்தாழ ஒரே நீளமுள்ள வீடியோக்களை மட்டும் ஒப்பிடு. அரை மணி நேர வீடியோவுக்கு நொடிகள் இயல்பாகவே கூடும்.

இனி, தரவின் கோணல்கள். என்னை அதிகம் அலைக்கழித்தது நாள் கணக்கு. ஸ்டூடியோவின் ‘ஒரு நாள்’ நம் நாள் அல்ல, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படியான நாள். அங்கே கோடைகால நேரம் நடக்கும் மார்ச் முதல் நவம்பர் வரை, நமக்குப் பகல் 12.30க்கு அந்த நாள் தொடங்கும். மற்ற மாதங்களில் 1.30க்கு. நாம் ஞாயிறு காலை 11 மணிக்கு வெளியிடும் வீடியோ அறிக்கையில் சனிக்கிழமைக் கணக்கில் விழும். அந்தச் ‘சனிக்கிழமை’க்குக் கோடையில் மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம்தான். நான் வேலைக்கு வந்த புதிதில், மாலை 6 மணிக்கு வெளியிட்ட வீடியோக்களின் முதல் நாள் பார்வை பல மடங்கு இருப்பதைக் கண்டு “மாலைதான் நல்ல நேரம்” என்று அறிக்கை எழுதி, வெளியீட்டு அட்டவணையையே மாற்ற வைத்தேன். ஒன்றரை மணி நேரத்தை பதினெட்டரை மணி நேரத்தோடு ஒப்பிட்டிருக்கிறேன் என்று மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது. முதல் நாளை ஒப்பிட, வெளியான நிமிடத்திலிருந்து எண்ணும் முதல் 24 மணி நேரக் கணக்கை எடு. நாள்வாரி வரைபடத்தை எடுக்காதே.

கடைசி இரண்டு, மூன்று நாள் எண்கள் அரைகுறையாகவே இருக்கும். திங்கட்கிழமை அறிக்கையை வியாழனோடு வெட்டிவிடு.

அடுத்தது ஷார்ட்ஸ். 2025 மார்ச் 31 அன்று அதன் பார்வை எண்ணும் முறை மாறியது. முன்பு சில நொடியாவது ஓடினால்தான் பார்வை. அன்றிலிருந்து ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும், பார்வை. பழைய கணக்கு `Engaged views` என்ற பெயரில் தொடர்கிறது, வருமானத் தகுதியும் அதன்படிதான். நம் கணக்கேட்டில் அந்தத் தேதியில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். கோட்டுக்கு மேலே இருக்கும் பார்வையைக் கீழே இருக்கும் `Engaged views` எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். சேனலின் மொத்தப் பார்வையில் ஷார்ட்ஸும் கலந்திருப்பதால், மொத்தத்தை நான் அறிக்கையில் போடுவதே இல்லை.

போன தீபாவளி வாரத்தில் ஒரு மேடு தெரியும். அது முறுக்கின் புகழ் அல்ல, நாம் காசு கொடுத்து ஓட்டிய விளம்பரம். வருகை வழிகளில் யூடியூப் விளம்பரத்தை நீக்கினால் மேடு மறைந்துவிடும். இந்த ஆண்டுத் தீபாவளியை அதோடு ஒப்பிடச் சொல்வார்கள், அதற்கு முன் நீக்கிவிடு.

வருமானம் பற்றிச் சுருக்கமாக. ஸ்டூடியோவில் தெரிவது மதிப்பீடு. போலிப் பார்வை, காப்புரிமைக் கோரிக்கை போன்றவற்றைக் கழித்த இறுதித் தொகை அடுத்த மாதம் 7 முதல் 12ஆம் தேதிக்குள், நமக்குப் பணம் வரும் கூகுள் கணக்கான ஆட்சென்ஸில் வரும். அமெரிக்கப் பார்வையாளர்களால் கிடைக்கும் பணத்தில் பிடிக்கப்படும் வரியும் அங்கேதான் தெரியும், ஸ்டூடியோவில் தெரியாது. கணக்காளர் மாதம் பிறந்த முதல் தேதியே கேட்பார். 13ஆம் தேதி தருகிறேன் என்று சொல், நான் இரண்டு வருடமாக அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

சந்தாதாரர் எண்ணிக்கை திடீரென்று சில நூறு இறங்கினால் உடனே வீடியோவைச் சந்தேகிக்காதே. யூடியூப் அவ்வப்போது போலிக் கணக்குகளைக் களையெடுக்கும்.

கணக்கேட்டின் மூன்றாம் தாளில் நொடிக் கணக்குக்கான சூத்திரம் இருக்கிறது. பரோட்டா வீடியோவின் வரிசையை அழித்துவிடாதே, அடுத்த முறை கிளிக் விகிதத்தைப் பற்றி போன் வரும்போது தேவைப்படும்.