நாள் வாடகையா, பாதிப் பங்கா: கையில் நிற்பது எவ்வளவு?

"கும்பகோணத்தில் டாக்ஸி ஓட்டுகிறேன். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஓனருக்கு நாளுக்கு 1,000 ரூபாய் வாடகை, டீசல் என் கையிலிருந்து. இன்னொரு ஓனர், 'வாடகை வேண்டாம் தம்பி, செலவு போக பாதிப் பாதி, பார்ட்னர் மாதிரி ஓட்டு' என்கிறார். போகலாமா சார்?"

போகலாம். ஆனால் அந்த 'செலவு போக' என்பதில் எந்தெந்தச் செலவு என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஐப்பசி மாதிரி மழை மாதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் என் தோராயம்தான். உங்கள் நோட்டில் வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 12 நாள் நவக்கிரகச் சுற்று, 10 நாள் உள்ளூர் ஓட்டம், 8 நாள் ஸ்டாண்டிலேயே நிற்கிறது. நவக்கிரகச் சுற்றுக்கு 3,600 ரூபாய் வாங்கி, 260 கிலோமீட்டருக்கு டீசல் 1,300 போனால் 2,300 நிற்கும். உள்ளூர் நாளில் டீசல் போக 800. பேட்டா இரண்டு முறையிலும் உங்களுக்கே என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

மாதம் முழுவதும் டீசல் போக நிற்பது 35,600. இதில் 30 நாள் வாடகை 30,000 போனால் உங்களுக்கு 5,600. பாதிப் பங்கு என்றால் 17,800. உள்ளூர் ஓட்டம் மட்டும் கிடைத்த நாளில் வாடகை முறையில் 200 ரூபாய் உங்கள் பையிலிருந்து போகிறது. சும்மா நின்ற நாளில் முழு ஆயிரமும் போகிறது. பங்கில் அந்த நாட்கள் ஓனருக்கும் சேர்த்தே நஷ்டம்.

அப்போது வாடகை எப்போதுதான் லாபம்? டீசல் போக நிற்பது, ஓடாத நாளையும் சேர்த்துச் சராசரியாக வாடகையின் இரண்டு மடங்கைத் தாண்டினால்தான். உங்களுக்கு அது நாளுக்கு 2,000. மாதம் 24 நவக்கிரகச் சுற்றும், மீதி 6 நாளும் உள்ளூர் ஓட்டமும் அமைந்தால்தான் அதைத் தொட முடியும். மே மாத விடுமுறையிலோ திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி சமயத்திலோ நடக்கலாம். வருடம் முழுக்க நடக்காது. அதுவும் மத்தியானம் கோயில் நடை சாத்திவிடுவதால் ஒரு நாளில் இரண்டாவது வெளியூர் டிரிப்பைத் திணிக்கவும் வழியில்லை.

காலி ஓட்டத்தையும் பாருங்கள். திருச்சி ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் டீசல், வாடகை முறையில் முழுக்க உங்கள் தலையில். பங்கில் பாதிதான். அதனால் டீசலைப் பயணியிடம் போட்ட பில்லை வைத்துக் கணக்கிடாமல், மீட்டரில் காலையும் இரவும் ஓடியதை எழுதி, டேங்க் நிரப்பிய பில்லோடு ஒட்டிப் பாருங்கள்.

இனி அந்த 'செலவு'. டயர், ஆயில் சர்வீஸ் எல்லாம் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால் மாதம் 4,000 வரும். அதைப் பொதுவில் கழிப்பது நியாயம். உங்கள் பங்கு 15,800 ஆகும். சில ஓனர்கள் வண்டியின் டியூவையும் பொதுவில் கழிப்பார்கள். டியூ 14,000 என்றால் உங்களுக்கு 8,800தான். அப்போதும் இந்த மழை மாதத்தில் வாடகையைவிடக் கொஞ்சம் தேவலை என்று தோன்றும். ஆனால் மாதம் 7,000 ரூபாய் உங்கள் உழைப்பிலிருந்து அவருடைய கடனுக்குப் போகிறது. கடன் தீர்ந்த பிறகு வண்டி அவருடையது மட்டும்தான், ஏனென்றால் ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் இருக்கிறது. நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான்.

டியூவில் பாதி உங்களிடம் பிடித்தால், வண்டி விற்கும்போது உங்களுக்கு எத்தனை பங்கு, நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார் என்பதை முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் டியூ அவருடைய பாதியிலிருந்தே போகட்டும். இன்சூரன்ஸ், எஃப்.சி., பர்மிட்டுக்கும் அதே பேச்சு.

இன்னொரு சங்கடம், ஓனர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவருக்குத் தெரிந்தவர்களுக்கும் பாதி ரேட்டில் ஓடச் சொல்வது. அந்த நாளுக்கு வழக்கமான ரேட்டையே நோட்டில் வரவு வையுங்கள், குறைத்துக்கொடுத்தது அவர் பங்கிலிருந்து. முதல் வாரத்திலேயே சொன்னால் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார், ஆறு மாதம் கழித்துச் சொன்னால் சண்டைதான் வரும்.

சேருமுன் பர்மிட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். திருநள்ளாறு காரைக்காலில், அதாவது புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் பர்மிட்டை வைத்துக்கொண்டு அங்கே பயணியோடு பிடிபட்டால் அபராதம் விழும். அது யார் கணக்கு என்று அந்தத் தாளிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வெள்ளை போர்டு வண்டி என்றால் பேச்சே வேண்டாம், வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் அதைச் சொல்லியே பணத்தை மறுக்கலாம்.

உடனே மாற முடியாவிட்டால் இப்போதைய ஓனரிடமே, ஓடாத நாளுக்கு வாடகை வேண்டாம் என்று பேசிப் பாருங்கள். மேலே சொன்ன மாதத்தில் அந்த 8 நாள் மட்டும் கழிந்தாலே உங்கள் 5,600, 13,600 ஆகிவிடும்.